இரண்டு உருட்டுக் கம்பிகள்

எங்கள் வீட்டில் மச்சானின் குடையைக் கேலி செய்யாத நாளில்லை. காரைக்கால் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருக்கிற மனிதர், ஊரிலேயே மோசமான குடையைப் பிடித்துக்கொண்டு போவார். அவர் என் லாத்தாவின் கணவர். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். வாப்பாவும் உம்மாவும் போன பிறகு லாத்தா என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். மச்சான் என்னைக் கடையில் சேர்த்துக்கொண்டார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அப்போது எனக்கு இருபது வயது தாண்டியிருந்தது. எல்லாம் தெரிந்தவன்போல வாயடிக்கிற வயது.

பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்காத காலம். வெளிநாட்டுச் சரக்கு எங்கள் ஊரில் மலிவு. குடைக்கம்பி கட்டுக்கட்டாகக் கப்பலில் வரும். கறுப்புத் துணி பேலாக வரும். பிரம்புப் பிடிகள் சாக்குமூட்டையில் வரும். கடையில் மச்சானும் நானும் கம்பிகளைக் கோத்துக் குடையின் கூட்டைக் கட்டுவோம். வீட்டில் லாத்தா துணியை எட்டு முக்கோணமாக வெட்டி மெஷினில் இணைத்துத் தைப்பாள். துணியைக் கூட்டின்மேல் போர்த்தி ஒவ்வொரு கம்பி நுனியிலும் கையால் தைத்துக் கட்டுவதும் அவள்தான். ஆகவே எங்கள் கடையில் விற்ற குடை ஒவ்வொன்றிலும் அவள் கை இருந்தது. ஊரில் மழை பெய்யும்போது ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிற குடைகளைப் பார்த்து, "அது நம்மது, இது நம்மது இல்ல" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

புரட்டாசி பிறந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. பரணில் கிடந்த பழைய குடையையெல்லாம் தூக்கிக்கொண்டு தலத்தெருவிலிருந்தும் நெரவியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். இந்த மழைக்குத் தாங்குமா, தாங்காதா? மச்சான் குடையை வாங்கியதும் விரிக்கமாட்டார். முதலில் மூடியபடியே கம்பிமேல் நகத்தை ஓட்டுவார். நல்ல கம்பி தகட்டை மடித்துச் செய்தது. அதன் உள்பக்கம் நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடும். நகம் அதற்குள் விழும். நாங்கள் அதைப் பள்ளக் கம்பி என்போம். எடை குறைவு, ஆனால் விறைப்பு. காற்று அடித்தால் வளைந்துகொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். மட்டமான குடையில் உருண்டையான முழுக்கம்பி போட்டிருப்பார்கள். அது உருட்டுக் கம்பி. கையில் கனமாக இருப்பதால் விவரமில்லாதவர்கள் அதுதான் உறுதி என்று நினைத்து வாங்கிவிடுவார்கள். ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான், அதற்கு நிமிரத் தெரியாது.

பிறகு துணி. ஒரு முக்கோணத்தைக் குழிவாகப் பிடித்து ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் பார்ப்பார். நெருக்கமான நெசவென்றால் நூல் ஊறிப் பருத்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். லேசாக ஈரம் படரும், சொட்டாது. சொட்டினால் அந்தத் துணி வெயிலுக்குத்தான் ஆகும். ஈரவிரலால் தேய்ப்பார். விரல் கறுத்தால் சாயம் மட்டம், சட்டை நாசம். கடைசியில் பிடியை முறுக்கிப் பார்ப்பார். பிரம்பா, பிரம்புபோல வண்ணமடித்த மரமா என்பது அடியில் வெட்டுமுகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரம்பில் சிறு சிறு துளைகள் இருக்கும். பிடியை ஒட்டிய பசை நல்லதாக இல்லாவிட்டால் இரண்டு மழையில் ஊறிக் கழன்று கையோடு வந்துவிடும். எல்லாம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "ஐப்பசி தாங்கும். கார்த்திக தாங்காது." மெஜிஸ்திரேட்டுக்குக்கூட அவ்வளவு மிடுக்கு இருக்காது. ரப்பர் பூசிய மழைக்கோட்டு கொண்டுவந்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பார். மடிப்பைப் பிரித்துப் பார்த்து, அது ஒட்டிக்கொண்டோ வெடித்தோ இருந்தால், "இத மாட்டுக்குப் போத்துங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் தனக்கென்று வைத்திருந்த குடையைச் சொல்கிறேன். எட்டுக் கம்பியில் ஆறு பள்ளக் கம்பி. இரண்டு உருட்டுக் கம்பி, பக்கத்துப் பக்கத்தில். உடைந்த குடைகளிலிருந்து கழற்றிப்போட்ட மிச்சத்தை வைத்துத் தானே கட்டிக்கொண்டது. நல்ல சரக்கு வாடிக்கைக்காரருக்கு, மிச்சம் நமக்கு என்பது அவர் கொள்கை. அதை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. அந்த இரண்டு கம்பி இருக்கும் பக்கம் மட்டும் துணி தொய்ந்து கிடக்கும். பலமான காற்று வந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் மேலே புரண்டுகொள்ளும். அதனால் அந்தப் பக்கத்தைக் காற்றுக்கு மறைவாகத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடப்பார். லாத்தாவுக்கு இது பெரிய மானக்கேடு.

"ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்றீங்க. உங்க கொடைய ஒருத்தர் பாத்தா நம்ம கடைக்கு வருவாங்களா? நா தச்ச துணிய இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறீங்களே" என்பாள்.

"தொங்கினாலும் நனையாம வர்றேன்ல? ஒன் தையலுக்கு அதவிட என்ன பெரும வேணும்?" என்பார் மச்சான்.

"அந்த ரெண்டு கம்பிய மாத்துற வரைக்கும் நா வாய மூடமாட்டேன்."

"அப்பன்னா நா மாத்தவே மாட்டேன். வீடு சத்தமா இருக்கட்டும்."

கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. குழந்தை இல்லாத வீடு. அந்த வீட்டின் கலகலப்பில் பாதி இந்தக் குடைச் சண்டைதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அந்த வருஷம் ஐப்பசியில், துணி எடுக்க மச்சான் நாகூருக்குப் போயிருந்த ஒரு பகலில், நான் அந்தக் குடையை எடுத்துப் பிரித்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அவர் நனைந்து வருவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நுனித் தையலைப் பிரித்தேன். உள்ளே உச்சியில் கம்பிகள் எல்லாம் கூடும் இடத்தை மூடி ஒரு சின்ன வட்டத் துணி தைத்திருக்கும். அதையும் பிரித்தேன். அதற்கு அடியில் எட்டுக் கம்பிகளின் காது என்கிற துளை முனைகளையும் ஒரே கட்டுக்கம்பியில் கோத்து முறுக்கியிருப்பார்கள். அதை அவிழ்த்து இரண்டு உருட்டுக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, அளவு சரியான இரண்டு பள்ளக் கம்பிகளைக் கோத்தேன். திரும்ப முறுக்குவதற்குக் கடையில் இரும்புக் கட்டுக்கம்பி தீர்ந்திருந்தது. விளக்கு ரிப்பேருக்காக வைத்திருந்த பித்தளைக் கம்பி ஒரு துண்டு கிடந்தது. அதை வைத்து முறுக்கினேன். நுனிகளைக் கட்டிவிட்டு, வட்டத் துணியை நானே திரும்பத் தைத்தேன். எனக்குத் தையல் வராது. கோணல்மாணலாக வந்தது. உள்ளே உச்சியை யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் மறுநாள் தூறலில் கடை வாசலில் நின்று குடையை விரித்தவர் அப்படியே நின்றுவிட்டார். தொய்வு இல்லை. அண்ணாந்து பார்த்தார். நகத்தை ஓட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"களவாணிப் பயலே. வாடிக்கைக்காரங்க கம்பியில கை வச்சிருக்கே."

"நீங்களும் ஒரு வாடிக்கைக்காரர்தான்னு நெனச்சுக்குங்க மச்சான்."

சிரித்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தணித்துக்கொண்டு, "மாப்புள, ஒங்க லாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதே. அவ ஜெயிச்சதா ஆயிடும். நா ரமலான் வரைக்கும் இத வச்சு அவள வம்பிழுக்கணும்" என்றார். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழையும்போது தெருவிலேயே குடையை மடக்கிக்கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் சாத்திவைப்பார். லாத்தா வழக்கம்போலத் திட்டுவாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

புயல் வந்தது கார்த்திகையில். காலையிலிருந்து வானம் சரியில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்தது. கடல் இரைவது கடைத்தெரு வரை கேட்டது. மச்சானின் அக்கா, கணவரை இழந்தவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நெரவியைத் தாண்டி ஒரு கிராமத்தில் மண்சுவர் வீட்டில் தனியாக இருந்தார். அவரை அழைத்து வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மச்சான் மத்தியானம் மழை விட்டிருந்த நேரத்தில் குடையோடு வீட்டிலிருந்து கிளம்பினார். நான் கடையில் பலகை போட்டு அடைத்துக்கொண்டிருந்தேன். அவர் போனதை நான் பார்க்கவில்லை. நான் வீட்டுக்கு வந்தபோது லாத்தா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கையில் துவாலையோடு நின்றுகொண்டிருந்தாள். மழைச் சாரலில் அவள் முக்காடு நனைந்திருந்தது. உள்ளே போ என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் போனாள்.

அந்தக் காற்றை எழுத எனக்கு இஷ்டமில்லை. விடிந்தபோது எங்கள் தெருவில் பாதி ஓடுகள் இல்லை. அரசலாறு கரை புரண்டு வயலும் ஆறும் ஒன்றாகக் கிடந்தது. வடிந்து வழி கிடைத்ததும் நான் நெரவிக்கு ஓடினேன். மச்சானின் அக்கா பக்கத்து மச்சு வீட்டில் பத்திரமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி எங்கப்பா, வரலியா?" என்பதுதான். மச்சான் அங்கே போய்ச் சேரவே இல்லை.

தேடாத இடமில்லை. ஆற்றங்கரை, வாய்க்கால், கடற்கரை, ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்தேன். நகராட்சி அலுவலகத்தை அப்போது மேரி என்பார்கள். அங்கே போய் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் யாராவது ஏதாவது சொன்னார்கள். நாகப்பட்டினத்துத் தர்மாஸ்பத்திரியில் நினைவில்லாமல் ஒருவர் கிடக்கிறார் என்றார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு ஆள். திருமருகல் பக்கம் வெள்ளத்தில் மாட்டியவர்களை ஒரு சத்திரத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. ஊர்க்காரர்களுக்கு வாய் சும்மா இருக்காது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், ஆனால் எனக்கு அவர்கள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. லாத்தா மட்டும் எல்லாவற்றையும் நம்பினாள்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்து வீட்டுக்கு வந்தார். பெரிய மனிதர், மென்மையாகப் பேசுவார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "மௌத்தானது உறுதியாத் தெரிஞ்சாத்தாம்மா இத்தா இருக்கணும். தெரியாத வரைக்கும் நீங்க அவர் பொஞ்சாதிதான். காத்திருங்க, துஆ செய்ங்க" என்றார். கணவன் இறந்த பெண் வெளியே வராமல், நகை அணியாமல் துக்கம் காக்கிற காலத்தைத்தான் இத்தா என்கிறோம். திரைக்குப் பின்னாலிருந்து லாத்தா, "நா காத்திருக்கேன் ஹஸ்ரத்து" என்றாள். அவள் குரல் தெளிவாக இருந்தது. அன்றைக்கும் அவள் கையில் வளையல் இருந்தது, கண்ணில் சுர்மா இருந்தது. மச்சான் வந்து பார்க்கும்போது தான் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் இட்டுக்கொள்வாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது. நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

மூன்று வாரம் போலக் கடந்திருக்கும். கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர் காலையில் கடைக்கு வந்தார். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலையில் சிக்கியது என்று ஒரு குடையை நீட்டினார். "ஒங்க கட கொட மாதிரி இருக்கு. வச்சு என்ன செய்ய, காட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். வாங்கினேன். பிடி இல்லை, பசை ஊறிக் கழன்று போயிருந்தது. மரக்காம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. துணியில் பாதி கிழிந்து, மீதி உப்பில் வெளுத்துப் பழுப்பாக இருந்தது. கம்பிகள் எட்டும் இருந்தன, துருவேறி. எங்கள் கடைக் குடை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் கடைக் குடை ஊரில் எத்தனையோ பேர் கையில் இருந்தது. அந்தப் புயலில் குடையைப் பறிகொடுத்தவர்களும் நிறையப் பேர். எட்டுப் பள்ளக் கம்பி என்பது நாங்கள் விற்ற எல்லா நல்ல குடைக்கும் பொருந்தும். நான் அதைப் பிரித்துப் பார்க்காமலே ஒரு சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன். பார்க்கப் பயம்.

ஆனால் மீனவர் வழியில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. லாத்தா ஆள் அனுப்பினாள், குடையைக் கொண்டு வா என்று.

கொண்டுபோனேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். மச்சானின் அக்காவும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். லாத்தா குடையை வாங்கிப் பாயில் வைத்தாள். முதலில் துணியின் ஓரத்தை எடுத்து மடிப்பைப் புரட்டினாள். "தையல் என்னோடது" என்றாள். யாரோ விசும்பினார்கள். "சும்மா இருங்க. ஊருக்கெல்லாம் நாந்தான் தச்சேன்" என்று அதட்டினாள். பிறகு கம்பியை எடுத்தாள். துருவைக் கட்டைவிரலால் சுரண்டிவிட்டு நகத்தை ஓட்டினாள், மச்சான் செய்வதுபோலவே. பள்ளம். அடுத்தது. பள்ளம். அவள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். எட்டாவது கம்பியைத் தடவி முடித்ததும் நம்பாமல் முதலிலிருந்து மறுபடி ஒரு சுற்றுத் தடவினாள்.

"எட்டும் பள்ளக் கம்பி" என்றாள். "அவங்களது இல்ல. அவங்க கொடையில ரெண்டு உருட்டுக் கம்பி. இது அவங்களது இல்ல."

மச்சானின் அக்கா, "அல்லாவே" என்று இரண்டு கையையும் உயர்த்தினார். அவருக்கும் தெரியும். எங்கள் தெருவுக்கே தெரியும். வேறு வீடாக இருந்தால் ஒட்டுப்போட்ட இடத்தையோ மரக்காம்பையோ வைத்து அடையாளம் பார்த்திருப்பார்கள். நாங்கள் குடைக்காரர்கள். எங்களுக்குக் கம்பிதான் ஆளின் முகம். அந்த முகத்தை நான் மாற்றியிருந்தேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

லாத்தா குடையைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே உச்சியைப் பார்த்தாள். அங்கே அந்த வட்டத் துணி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. "இதப் பாரு தம்பி, இந்தக் கோணத் தையல. இது நா போட்டது இல்ல. யாரோ வெளியில குடுத்துப் பிரிச்சுத் தச்சிருக்காங்க. வாடிக்கைக்காரங்க யாரோடதோ கொட. பாவம், யாருன்னு விசாரி" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் கோணல் தையல் என் கைத் தையல்போலவே இருந்தது. ஆனால் அப்போதுகூட மனசு சமாதானம் தேடியது. தையல் தெரியாதவன் ஊரில் நான் ஒருவன்தானா? எத்தனையோ பேர் எங்கெங்கோ கொடுத்துத் தைத்திருப்பார்கள். "காய வைக்கணும், கடைக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டு குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான் புறப்படும்போது லாத்தா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மீன் வாங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை நாளும் கஞ்சியைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை.

கடையில் பலகையைச் சாத்திக்கொண்டு, கூரைக் கண்ணாடி வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். வட்டத் துணியைக் கத்தரித்து எடுத்தேன். கம்பிகளெல்லாம் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருந்தன. அவற்றின் காதுகளைக் கோத்திருந்த கட்டுக்கம்பியில் மட்டும் துரு இல்லை. பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கத்தி முனையால் சுரண்டினேன். மஞ்சளாக மின்னியது. எங்கள் கடையில் பித்தளையால் முறுக்கிய குடை ஒன்றே ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாப்பா இறந்தபோது நான் சின்னப் பையன், அழத் தெரியவில்லை. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அன்றைக்கு அழுதேன். சொல்லாமல் விட்டால் என்ன என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் லாத்தா காலமெல்லாம் சுர்மா இட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மச்சானுக்கு யாரும் ஜனாஸாத் தொழுகை தொழமாட்டார்கள், ஒரு ஃபாத்திஹாகூட ஓதமாட்டார்கள். அவருக்கு அது நியாயமா? எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, குடையை அந்தச் சாக்கிலேயே சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லாத்தா அடுப்படியில் இருந்தாள். மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "யாரோடதுன்னு தெரிஞ்சுதா?" என்றாள்.

"லாத்தா, ஒக்காரு."

"குழம்பு பொங்கிடும், சொல்லு."

"மச்சான் நாகூருக்குப் போன அன்னைக்கி, நாந்தான் அந்த ரெண்டு கம்பியயும் மாத்துனேன். பித்தளக் கம்பி போட்டு முறுக்குனேன். அந்தக் கோணத் தையலும் நா போட்டதுதான். ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு மச்சான் சொன்னாங்க. ஒன்ன வம்பிழுக்கணும்னு."

சாக்கைப் பிரித்து அந்த முறுக்கைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். குடைக்காரர் மனைவிக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. அகப்பையை மெதுவாகச் சட்டிமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவாள், அடிப்பாள், கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். அடுப்பைப் பார்த்தபடி பேசினாள்.

"பொயல் அன்னைக்கிப் போவாதீங்கன்னு மறிச்சேன். கேக்கல. கொட பொரண்டுக்கிச்சுன்னா திரும்பி வந்துடுறேன், சத்தியம்னாங்க. அந்தக் கொடதானே, தெருமொன தாண்டாதுன்னு நெனச்சுத்தான் வழி விட்டேன். தொவட்டிவிடலாம்னு துவாலைய எடுத்துக்கிட்டு வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தேன்."

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் தலைமேல் கையை வைத்தாள். அந்தக் கையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சொன்னது சரி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த ஊரில் கிடையாது. அன்று அடித்த காற்றுக்கு அந்த இரண்டு உருட்டுக் கம்பியும் முதல் வீச்சிலேயே மடங்கியிருக்கும். மச்சான் சொன்ன சொல் தவறுகிறவர் இல்லை. திட்டிக்கொண்டே திரும்பி வந்திருப்பார். நான் போட்ட கம்பிகள் நல்ல கம்பிகள். கரை உடைந்த இடம் வரை அவரை நனையாமல் கொண்டுபோய் விட்டிருக்கின்றன.

"ஹஸ்ரத்தக் கூப்புடு" என்று சொல்லிவிட்டு லாத்தா எழுந்து அறைக்குள் போனாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகரப்பெட்டியில் போடுகிற சத்தம் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனேன்.